சிறுநீரகக் கல்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை முன்வைத்து

சிறுநீரில் கரைந்துள்ள உப்புகள் சிறுநீரகத்துக்குள் பளிங்குகளாகப் பிரிந்து, ஒன்றோடொன்று ஒட்டி இறுகுவதால் உண்டாகும் திண்மம் சிறுநீரகக் கல். அது சலத்தின் வழியை அடைக்கும் நோய் தமிழ் வைத்திய மரபில் கல்லடைப்பு எனப்படும். வெப்பம் கூடிய நிலங்களில் இந்நோய் அதிகம். இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் கோடைகாலம் அதன் காரணத்தைத் தெளிவாகக் காட்டுகிறது.

கச்சான் காற்றும் உடல்நீரும்

தென்மேல் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு, ஈரமிழந்து கிழக்கே இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடேறும் அந்தக் காற்றே மட்டக்களப்பில் கச்சான். ஜூன், ஜூலை மாதங்களில் அது கடற்காற்றையும் தள்ளிக்கொண்டு வீசும் நாட்களில் வெப்பநிலை 38 பாகை செல்சியசை எட்டும். படுவான்கரை வயல்களில் சிறுபோக வேலை நடப்பதும், வாவியில் தோணிகள் நிழலின்றி வெயிலில் நிற்பதும் இக்காலத்தில்தான். காற்று வறண்டிருப்பதால் வியர்வை தோலிலேயே காய்ந்துவிடும். உடல் எவ்வளவு நீரை இழந்தது என்பது வேலை செய்பவருக்குத் தெரிவதில்லை. இழப்பை ஈடுசெய்யச் சிறுநீரகம் நீரைத் தக்கவைத்துக்கொள்ள, சலம் குறைந்து மஞ்சளாக அடர்கிறது.

வெப்பத்துக்கும் கல் நோவுக்கும் இடையிலான கால இடைவெளி மிகக் குறுகியது. அமெரிக்காவின் ஐந்து பெருநகரங்களை வைத்து 2014இல் வெளியான ஆய்வொன்று, வெப்பம் ஏறிய நாளிலிருந்து பெரும்பாலும் மூன்று நாட்களுக்குள்ளேயே கல் நோயாளர் தொகை உச்சமடைவதைக் கண்டது. அந்த மூன்று நாட்களில் புதிய கல் வளர்ந்திருக்க முடியாது. ஏற்கெனவே இருந்த சிறு கல் பருத்தோ இடம்பெயர்ந்தோ நோவைத் தருகிறது என்றே கொள்ள வேண்டும்.

அறிவின் வரலாறு

பழைய மருத்துவர்கள் அறிந்தது பெரும்பாலும் சிறுநீர்ப்பைக் கல்லையே. எகிப்தின் எல் அம்ராவில் ஏறத்தாழ 7,000 ஆண்டுப் பழைமையான உடலொன்றில் அத்தகைய கல் கிடைத்தது. சுசுருத சங்கிதை கல்லை நான்கு வகையாகப் பிரித்து, அதை அறுத்தெடுக்கும் முறையையும் விவரிக்கிறது. தமிழ் நாட்டு வைத்தியம் நெருஞ்சில், சிறுபீளை, மாவிலிங்கம் முதலிய மூலிகைகளைக் கல்லடைப்புக்குப் பயன்படுத்தி வந்தது. அவற்றைக் குடிநீராகக் காய்ச்சிக் கொடுப்பதால், மூலிகையோடு நீரும் நோயாளியின் உடலில் சேர்ந்தது.

கல் எதனால் ஆனது என்ற கேள்விக்கு விடை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. சுவீடனின் வேதியியலாளர் ஷீலே 1776இல் யூரிக் அமிலத்தைக் கல்லிலிருந்து பிரித்தார். இங்கிலாந்தின் வொலஸ்டன் 1797இல் கற்கள் பலவகைப்பட்டவை என்று காட்டினார். பேராதனையின் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு இலங்கை நோயாளரிடமிருந்து அறுவை மூலம் எடுக்கப்பட்ட 69 கற்களைப் பரிசோதித்து 2006இல் வெளியிட்ட முடிவின்படி, அவற்றின் முதன்மைக் கூறு கல்சியம் ஒக்சலேற்று ஆகும். உலகெங்கும் மிகுதியாகக் காணப்படுவதும் இவ்வகையே.

கல் எங்கே வேர்விடுகிறது என்பதை 1937இல் அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் ராண்டல் விளக்கினார். சிறுநீரகத்தின் முலைக்காம்பு போன்ற நுனிகளில், மேற்தோலுக்குக் கீழே கல்சியம் பொசுபேற்றுப் படிவுகள் உண்டாகின்றன. மேற்தோல் தேய்ந்து படிவு வெளித்தெரியும்போது, அதன்மேல் கல்சியம் ஒக்சலேற்றுப் பளிங்குகள் பற்றிக்கொண்டு வளர்கின்றன.

கல் வளரும் கணக்கு

பளிங்கு பிரிவதைத் தீர்மானிப்பது கல்சியத்தின் செறிவும் ஒக்சலேற்றின் செறிவும் சேர்ந்த பெருக்கம். ஒரு வயல் தொழிலாளியை எண்ணிக்கொள்வோம். ஒரு நாளில் அவர் சலத்தோடு 200 மில்லிகிராம் கல்சியமும் 30 மில்லிகிராம் ஒக்சலேற்றும் வெளியேறுகின்றன. சலம் 1 லீற்றராக இருந்தால் இரு செறிவுகளின் பெருக்கம் 6,000. சலம் 2.5 லீற்றராகக் கூடினால் செறிவுகள் முறையே 80, 12. பெருக்கம் 960 மட்டுமே. சலம் இரண்டரை மடங்கு கூடியபோது பெருக்கம் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. பளிங்கைத் தடுக்கும் சித்திரேற்றும் சேர்ந்தே நீர்த்துப்போகிறது என்பது உண்மை. ஆயினும் நிகர நன்மை நீரின் பக்கமே.

இதை மனிதரில் சோதித்தது இத்தாலியின் பார்மா நகரில் போர்கி தலைமையில் நடந்து 1996இல் வெளியான ஆய்வு. முதன்முறை கல் வந்த 199 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் நாளுக்கு 2 லீற்றருக்குக் குறையாமல் சலம் போகும்படி நீர் குடித்தனர். மற்றவர்கள் வழக்கம்போல் இருந்தனர். ஐந்து ஆண்டுகளில் முதற் பிரிவில் 12 வீதத்தினருக்கும் மற்றதில் 27 வீதத்தினருக்கும் கல் மீண்டும் வந்தது.

கிணற்று நீரின் கல்சியம் கல்லாகும் என்ற அச்சம் கிராமங்களில் உண்டு. ஆனால் உணவோடு சேரும் கல்சியம் குடலில் ஒக்சலேற்றைப் பிணைத்து, அது குருதியில் சேராமல் தடுக்கிறது. பால், நெத்தலி போன்றவற்றை முற்றாக ஒதுக்கினால் ஒக்சலேற்று கூடுதலாக உறிஞ்சப்படும். குறைக்க வேண்டியது உப்பையே. கருவாடும் ஊறுகாயும் மிகுந்த உணவு சிறுநீரில் கல்சியத்தைக் கூட்டுகிறது.

நோவு ஏன் அலையலையாக வருகிறது

சிறுநீரகத்துக்குள் இருக்கும் கல் பெரும்பாலும் நோகாது. அது சிறுநீர்க்கானுக்குள் இறங்கிச் சிக்கும்போதே கல் நோவு தொடங்குகிறது. சிக்கும் இடங்களில் மிகவும் ஒடுங்கியது சிறுநீர்க்கான் சிறுநீர்ப்பையைச் சேரும் வாயில். கல்லுக்கு மேலே சலம் தேங்கி அழுத்தம் ஏற, சிறுநீரகத்தின் உறை இழுபடுகிறது. குழாயின் தசையும் கல்லைத் தள்ள இறுகிப் பிடிக்கிறது. கல் சற்று அசைந்து சலம் கசிந்தால் அழுத்தம் இறங்கி நோவு தணியும். மறுபடி அடைத்தால் மறுபடி எழும். விலாவில் தொடங்கும் நோவு, கல் இறங்க இறங்க அடிவயிற்றுக்கும் தொடைச்சந்துக்கும் பரவும். நோயாளி ஓரிடத்தில் கிடக்க முடியாமல் புரண்டுகொண்டிருப்பது இந்நோவின் அடையாளம்.

அடைபட்ட சிறுநீரகம் புரோஸ்டகிளாண்டின்களைச் சுரக்கிறது. அவை குருதியோட்டத்தைக் கூட்டி மேலும் சலத்தை உண்டாக்க, அழுத்தம் இன்னும் ஏறுகிறது. டைக்ளோபெனாக் அந்தச் சுரப்பைத் தடுப்பதால் நோவின் மூலத்திலேயே வேலை செய்கிறது. ஆயினும் சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அது ஆகாது.

நோவு வந்த பின் போத்தல் போத்தலாக நீர் குடித்துக் கல்லைத் தள்ளிவிடலாம் என்பது பரவலான நம்பிக்கை. அடைப்புக்கு மேலே சலத்தைக் கூட்டுவது அழுத்தத்தையே கூட்டும். கல் விரைவாக வெளியேறும் என்பதற்குச் சான்றும் இல்லை. நீரின் பயன் கல் உண்டாகுமுன் உள்ள காலத்துக்கு உரியது.

குடிக்கும் அளவும் எல்லைகளும்

குறிக்கோள் குடித்த நீரின் அளவு அன்று. நாளுக்கு 2 முதல் 2.5 லீற்றர் சலம் போவதே. நிழலில் இருப்பவருக்கு 3 லீற்றர் போதும். கச்சானில் வயலில் நிற்பவருக்கு வியர்வையின் அளவும் சேர்த்துத் தேவை. ஒரு நாள் சலத்தைப் பாத்திரத்தில் சேர்த்து அளந்தால் கணக்கு தெரிந்துவிடும். இரவில் சலம் அடர்வதால் படுக்குமுன் ஒரு குவளை குடிப்பது உதவும். தேசிக்காய் நீரில் சித்திரேற்று உண்டு. இதய நோயோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள் வைத்தியர் சொன்ன அளவை மீறக்கூடாது.

5 மில்லிமீற்றருக்குக் குறைந்த கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறும். பெரியவற்றை அதிர்வலையால் உடைக்கும் முறை 1980இல் மியூனிக்கில் தொடங்கியது. நோவோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தாலோ, சலம் அறவே நின்றாலோ உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நோவு தானாக நின்றுவிட்டது என்பதை மட்டும் வைத்துக் கல் போய்விட்டது என்று கருத முடியாது. முழுமையாக அடைபட்ட சிறுநீரகம் நாட்பட நோவின்றியே பழுதடையலாம். ஆகவே கல் வெளியேறியதை ஸ்கேன் மூலம் உறுதிப்படுத்துவது வழக்கம்.