உடைந்த எழுத்து எங்கே உடைகிறது? லோதி ரோட்டு ஆணை ஒன்றை முன்வைத்து

தில்லி லோதி ரோட்டில் உள்ள சி.ஜி.ஓ. வளாகத்தின் எலக்ட்ரானிக்ஸ் நிகேதன், மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் தலைமையகம். 2016 அக்டோபரில் இவ்வமைச்சகம் பிறப்பித்த ஓர் ஆணை, இந்தியாவில் விற்கப்படும் கைபேசிகள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 16333 (பகுதி 3) என்னும் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்றது. அத்தரத்தில் ஒரு சமனின்மை உண்டு. உள்ளிடுவதற்கு ஆங்கிலம், இந்தி, இவற்றுடன் குறைந்தது இன்னோர் இந்திய மொழி இருந்தால் போதும். வாசிப்பதற்கோ, அட்டவணையில் உள்ள 22 மொழிகளின் எழுத்துகளும் திரையில் சரியாகத் தெரிய வேண்டும். எழுத மூன்று மொழிகள், படிக்க இருபத்திரண்டு.

இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம் உண்டு. அதை விளங்கிக்கொள்ள, அனுப்பிய தமிழ் எந்த இடத்தில் உடைகிறது என்பதை வரலாற்றோடு பார்க்க வேண்டும்.

முதலில் குறியேற்றம். இன்றைய அமைச்சகத்துக்கு முன்னோடியான மின்னணுத் துறை 1980களில் இந்திய எழுத்துகளுக்கென 'இஸ்கி' என்னும் பொதுக் குறியேற்றத்தை வகுத்தது. அதன் 1988ஆம் ஆண்டு வடிவம் சிறிது திருத்தம் பெற்று 1991இல் ஐ.எஸ். 13194 என்ற இந்தியத் தரமாயிற்று. பிராமியிலிருந்து கிளைத்த எழுத்துமுறைகள் அனைத்துக்கும் ஒரே அட்டவணை என்பதே இஸ்கியின் அடிப்படை. தேவநாகரியின் ககரத்துக்கு எந்த இடமோ அதே இடம் தமிழின் ககரத்துக்கும் மலையாளத்தின் ககரத்துக்கும். அதே 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு, 1988 இஸ்கியைப் பின்பற்றியே இந்திய எழுத்துகளை அடுக்கியது. தேவநாகரிக் ககரம் U+0915, தமிழ்க் ககரம் U+0B95, மலையாளக் ககரம் U+0D15 என ஒவ்வொரு தொகுதியிலும் ககரம் ஒரே நிலையில் இருப்பது இதனால்தான். தமிழ்த் தொகுதியில் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே மூன்று இடங்கள் காலியாக இருப்பதும் இதனால்தான்.

இவ்வமைப்பில் உயிர்மெய் ஓர் அலகு அன்று. அகரமேறிய மெய் ஒரு குறி, உயிர்க்குறியீடு மற்றொரு குறி, புள்ளியும் தனிக் குறி. 'தமிழ்' என்ற சொல்லில் நாம் மூன்று எழுத்துகளைக் காண்கிறோம். கைபேசி அனுப்புவது ஐந்து குறிகளை:

```
த   U+0BA4
ம   U+0BAE
ி   U+0BBF
ழ   U+0BB4
்   U+0BCD
```

இக்குறிகள் ஒலிப்பு வரிசையில் அமைகின்றன. 'கெ' என்பதில் கண்ணுக்கு முதலில் தெரிவது ஒற்றைக்கொம்பு. ஆனால் சேமிப்பில் ககரமே முன்னது, எகரக் குறியீடு பின்னது. கொம்பை இடப்பக்கம் நகர்த்துவதும், 'கொ'வில் ஒரே குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்து ககரத்தின் இருபுறமும் நிறுத்துவதும் பெறுநர் கைபேசியின் வேலை. இதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும்: எழுத்துரு ஒன்று, வடிவமைப்பு விதிகளை இயக்கும் மென்பொருள் ஒன்று. எழுத்துரு இல்லையெனில் கட்டங்கள் தெரியும். எழுத்துரு இருந்து விதிகள் இயங்காவிட்டால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் நிற்கும், அல்லது புள்ளிவட்டத்தோடு தொங்கும். இரண்டு நிலையிலும் செய்தி பழுதின்றி வந்து சேர்ந்திருக்கிறது. காட்டும் பொறிக்குத்தான் அதைக் கோக்கத் தெரியவில்லை. அதே செய்தியை வேறொரு கைபேசிக்கு அனுப்பினால் ஒழுங்காகத் தெரியும்.

ஒருங்குறி பரவுவதற்கு முன்பு நிலைமை வேறு. 1990களில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்துவிடுவார்கள். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தெரிவது உண்மையில் jkpo; என்ற எழுத்துக்கோவை. எழுத்துரு இல்லாத கணினியில் அது அப்படியே வெளிப்படும். இக்குழப்பத்தைத் தீர்க்க 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டைத் தொடர்ந்து தாம், தாப் என்ற இரு குறியேற்றங்களைத் தமிழக அரசு தரப்படுத்தியது. ஆயினும் கணினியில் எழுத்துருவை நிறுவிக்கொள்ளலாம்; அன்றைய சாதாரணக் கைபேசியில் அதற்கு வழி இல்லை.

அந்தத் தடையைத் தாண்டிய முயற்சி சிங்கப்பூரில் நிகழ்ந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டி அங்கு வெளியிடப்பட்டது. கைபேசியின் எழுத்துருவை நம்பாமல் செயலியே தமிழ் எழுத்துகளை வரைந்து காட்டும் என்பது அதன் உத்தி. ஆனால் இதன் பயன் பெறுநரிடமும் அதே ஏற்பாடு இருப்பதைப் பொறுத்தது. அனுப்புநர் எவ்வளவு திறமையாகத் தட்டெழுதினாலும், வாசிப்பு எதிர்முனையின் கையில்தான் இருந்தது.

அடுத்தது வழியின் அளவு. குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 எட்டியல்கள். ஏழு பிட்டுக் குறியேற்றத்தில் இதில் 160 இலத்தீன் எழுத்துகள் அடங்கும். தமிழுக்குப் பதினாறு பிட்டுக் குறியேற்றம் தேவை. அப்போது 70 குறிகள் மட்டுமே. ஓர் எடுத்துக்காட்டு: 'நாளை காலை பத்து மணிக்கு வருகிறேன்.' தமிழ் இலக்கணப்படி இதில் 16 எழுத்துகள். நான்கு இடைவெளியும் ஒரு முற்றுப்புள்ளியும் சேர்த்தால் 21. குறிகளாக எண்ணினால் 34. ஒரு குறுஞ்செய்தியின் பாதி ஏறத்தாழ நிறைந்துவிட்டது. ஆங்கிலச் செய்தியின் நடுவே ஒரே ஒரு தமிழ் எழுத்தைச் சேர்த்தாலும் முழுச்செய்தியும் பதினாறு பிட்டுக்கு மாறிவிடும் என்பதையும் இங்கே கருத வேண்டும்.

எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டுகளை ஒட்டுவதற்கான தலைப்புத் தகவலுக்கு ஆறு எட்டியல்கள் போக, ஒவ்வொரு துண்டிலும் 67 குறிகள் எஞ்சும். வெட்டு எழுத்தின் எல்லையில்தான் விழும் என்பதற்கு உறுதி இல்லை. 67ஆவது குறி ககரமாகவும் 68ஆவது ஓகாரக் குறியீடாகவும் அமைந்தால், 'கோ' இரண்டாகப் பிளந்து பயணம் செய்யும். எல்லாத் துண்டுகளும் வந்தால் கைபேசி ஒட்டிவிடும். முதல் துண்டு தாமதித்தால் இரண்டாம் துண்டு புள்ளிவட்டத்தோடு தொடங்கும். எழுத்து உண்மையிலேயே வழியில் உடையும் இடங்களுள் இது ஒன்று.

இந்த நெருக்கடிக்குக் கைபேசித் தரங்களுக்குள்ளேயே ஒரு தீர்வு வகுக்கப்பட்டது. குறுஞ்செய்தித் தரத்தில் இந்திய மொழிகளுக்குத் தனி ஏழு பிட்டு அட்டவணைகள் சேர்க்கப்பட்டன. தமிழின் எண் 11. 'இச்செய்தியைத் தமிழ் அட்டவணையால் வாசி' என்று அறிவிக்கும் தலைப்புக்கு நான்கு எட்டியல்கள் செலவாகும். மீதியில் 155 குறிகள் அடங்கும். கொள்ளளவு இரு மடங்குக்கு மேல் உயர்கிறது. ஆனால் இவ்வட்டவணையை அறியாத கைபேசி அந்த அறிவிப்பைப் புறக்கணித்து, வழக்கமான அட்டவணையால் வாசித்து, பொருளற்ற இலத்தீன், கிரேக்க எழுத்துகளைக் காட்டும். பெறுநரின் கருவி எது என அனுப்புநர் அறிய வழியில்லாததால் இத்தீர்வு பெருவழக்காகவில்லை.

2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியோடு சேர்த்து ஏற்ற 'டேஸ்-16' குறியேற்றத்தின் நிலையும் இதை ஒத்ததே. அதில் உயிர்மெய் ஒவ்வொன்றும் ஒரே குறி. மொழியியல் நோக்கில் கவர்ச்சியான அமைப்பு, கொம்பை நகர்த்தும் தேவையும் இல்லை. ஆனால் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில், U+E100 முதல், அமைந்திருக்கிறது. அப்பகுதிக்கு உலகப் பொதுப்பொருள் கிடையாது. உரிய எழுத்துரு இல்லாத கைபேசியில் அது வெறும் கட்டங்களே. குறியேற்றத்தின் சிறப்பு வேறு, எதிர்முனையில் வாசிக்கப்படும் உறுதி வேறு.

இப்போது 2016 ஆணையின் சமனின்மைக்குத் திரும்பலாம். எழுதும் வசதி பயனரின் தெரிவு. தனக்கு வேண்டிய மொழியின் விசைப்பலகையை அவர் பின்னரும் சேர்த்துக்கொள்ளலாம். வாசிப்பு அப்படியன்று. எந்த மொழியில் செய்தி வரும் என்பதைப் பெறுபவர் தீர்மானிப்பதில்லை. அனுப்புபவரால் எதிர்முனையைச் சீர்செய்யவும் இயலாது. ஆகவே சுமையை விற்பனைக்கு வரும் ஒவ்வொரு கருவியின் மீதும் ஏற்றுவதே பொருத்தமான ஏற்பாடு. 2017 ஜூலை 1 என்று முதலில் குறிக்கப்பட்ட நடைமுறைத் தேதி பின்னர் தள்ளிப்போயிற்று. ஆணையின் எல்லைகளும் தெளிவானவை. ஏற்கெனவே கையில் இருந்த கருவிகளை அது தொடாது. பாமினியில் தட்டெழுதிய உரையை அது தமிழாக்காது. இடைவழியில் செய்தியைச் சிதைக்கும் மென்பொருள்களும் அதன் வரம்புக்கு வெளியே.

உடைந்த உரை கைக்கு வரும்போது, உடைவின் வடிவமே இடத்தைச் சொல்லிவிடும். கட்டங்களும் பிறழ்ந்த கொம்புகளும் பெரும்பாலும் பெறுநர் கருவியின் குறை; உரை முழுமையாக இருக்கிறது. ஆனால் வேறு கைபேசிகளிலும் கட்டங்களே தெரிந்தால், டேஸ்-16 போன்ற தனிப்பயன் குறிகளா என்று பார்க்க வேண்டும். jkpo; போன்ற கோவை பழைய எழுத்துருவின் அடையாளம், உரிய மாற்றியால் ஒருங்குறிக்குக் கொண்டுவரலாம். à®¤à®®à®¿ போன்ற தொடர் வந்தால், யுடிஎஃப்-8 உரையை ஏதோ ஒரு மென்பொருள் இலத்தீன் குறியேற்றம் எனக் கொண்டிருக்கிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று எட்டியல்களாதலால் மும்மூன்றாக à® திரும்பத் திரும்ப வரும். எட்டியல்கள் எதுவும் கழியாத வரை இதையும் மீட்கலாம்.

கேள்விக்குறிகள் மட்டும் வேறு வகை. 'தமிழ்' இருக்க வேண்டிய இடத்தில் ????? என ஐந்து கேள்விக்குறிகள் இருந்தால், தமிழுக்கு இடமில்லாத குறியேற்றம் ஒன்றுக்கு மாற்றப்பட்டபோது ஐந்து குறிகளும் அழிந்துவிட்டன. மூன்று எழுத்துச் சொல்லுக்கு ஐந்து என்ற அந்த எண்ணிக்கையில் இஸ்கியின் பகுப்பு மட்டும் தடயமாக எஞ்சுகிறது, சொல் எஞ்சுவதில்லை. கள ஆய்வுக்காகத் தகவலாளர்களிடமிருந்து தமிழ்ச் செய்திகளைத் திரட்டும் நண்பர்கள், மூலச் செய்தியைக் கைபேசியிலிருந்து நீக்குமுன் ஏற்றுமதியான கோப்பில் கேள்விக்குறிகள் உள்ளனவா என்று தேடிப்பார்த்துவிடுவது நல்லது. மற்ற உடைவுகளைப் பிறகும் சரிசெய்துகொள்ளலாம்.