ஏழாவது சொல்



மெல்பர்னில் நான் பணிபுரிந்தபோது ஒரு கிரேக்க முதியவரைப் பராமரித்தேன். சிறிய கடை வைத்திருந்தவர். கடனுக்குச் சாமான் கொடுத்த கதையைச் சொல்லும்போது ‘பீஸ்தோசி’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அது ‘பிஸ்திஸ்’ என்ற பழைய சொல்லின் வழியில் வந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஞாயிறு பள்ளியில் ‘விசுவாசம்’ என்று மனப்பாடம் செய்த சொல், கடைக் கணக்கில் எப்படி வந்தது?

பவுல் அப்போஸ்தலர் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், ஆவியின் கனி என்று ஒன்பது பண்புகள் வருகின்றன. அகாபே என்றால் அன்பு, காரா மகிழ்ச்சி, எய்ரேனே சமாதானம். மக்ரோத்தூமியா என்பது கோபம் வர நீண்ட நேரம் எடுக்கும் பொறுமை. க்ரேஸ்தோத்தேஸ் தயவு, அகத்தோசூனே நற்குணம். ஏழாவது பிஸ்திஸ். பிறகு ப்ராவுத்தேஸ் என்ற சாந்தம். கடைசியில் எங்க்ராத்தேயா, தன்னைத் தானே ஆளும் அடக்கம்.

இதற்குச் சற்று முன்னால் மாம்சத்தின் கிரியைகள் என்று எதிர்ப் பட்டியல் ஒன்று உண்டு. பழமையான கையெழுத்துப் பிரதிகளில் அதில் 15 சொற்கள். அவற்றில் எட்டு, பகை, பிரிவினை, பொறாமை போன்ற சச்சரவுச் சொற்கள். இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில், கி.பி. 50ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒருவரையொருவர் கடித்துக்கொண்டிருந்த சபைகளுக்கு எழுதிய கடிதம் அது. ஆகவே ஒன்பது சொற்களையும் மனிதர் சேர்ந்து வாழத் தேவையான பண்புகளாக வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அப்படி வாசித்தால் ஏழாவது சொல் மட்டும் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கிறது. தயவுக்கும் சாந்தத்துக்கும் நடுவே கடவுள்மீதான நம்பிக்கை ஏன் வருகிறது?

பவுலுக்கு சுமார் 400 ஆண்டுகள் முன்பு, ஏதென்ஸில் ஃபோர்மியோன் என்ற வங்கிக்காரருக்காக டெமாஸ்தனீஸ் ஒரு வழக்குரை எழுதினார். ஃபோர்மியோன் முன்னாள் அடிமை. பணம் ஈட்ட எல்லாவற்றிலும் பெரிய முதல் பிஸ்திஸ்தான் என்று அந்த உரை வாதிடுகிறது. அங்கே அதன் பொருள், பிறர் இவரை நம்பலாம் என்ற நிலை. நம்புவது, நம்பத்தக்கவராக இருப்பது இரண்டையும் கிரேக்கர் ஒரே சொல்லால் குறித்தார்கள்.

நம் வீடுகளில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமமே இதற்குச் சாட்சி. ஹென்றி போவர் தலைமையிலான குழு 1871இல் முடித்த திருப்புதலின் வழியில் வந்தது அது. கலாத்தியரில் ‘விசுவாசம்’ என்று வரும் பிஸ்திஸ், தீத்து இரண்டாம் அதிகாரத்தில் வேலைக்காரர் திருடாமல் காட்ட வேண்டிய ‘நல்லுண்மை’ ஆகிறது. ரோமர் மூன்றாம் அதிகாரத்தில் கடவுளின் ‘உண்மை’ ஆகிறது. ஆங்கிலத்தில் 1611இன் வேதாகமம் கலாத்தியப் பட்டியலில் நம்பிக்கை என்று வைத்ததை, 1881இன் திருத்தம் உண்மையாயிருத்தல் என்று மாற்றியது.

இதற்கு மறுப்பும் உண்டு. இதே கடிதத்தின் இரண்டாம், மூன்றாம் அதிகாரங்களில் பிஸ்திஸ் என்பது மனிதரை நீதிமானாக்கும் விசுவாசமாகத் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த ஒலி ஏழாவது சொல்லிலும் கேட்கத்தான் செய்யும். ஆனால் சுற்றி நிற்கும் சொற்கள் நடத்தையைப் பற்றியவை. அதனால் நம்பகம் என்ற பொருளே முன்னுக்கு வருகிறது.

தமிழில் சொல்லை மாற்றத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். ‘விசுவாசமான வேலைக்காரர்’ என்று நம் ஊரில் சொல்கிறோம். 1995இல் வந்த திருவிவிலியம் ‘நம்பிக்கை’ என்று வைத்தது. ‘கடையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும்’ என்கிறோமே, அங்கும் இரண்டு பொருளும் உண்டு. சபைக்குள் நுழைந்ததும் நம் காது ஒன்றை மட்டும் கேட்கப் பழகிவிட்டது.

என் காதைத் திறந்தது சிட்னியில் ஓர் இரவுப்பணி. மார்ஃபின் போன்ற மருந்துகளைப் பூட்டிய அலமாரியிலிருந்து இருவர் சேர்ந்துதான் எடுக்க வேண்டும். எண்ணிப் பார்த்து, பதிவேட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும். 10 மில்லிகிராம் ஆம்பூலில் 5 மட்டும் கொடுத்தால், மீதியைக் கொட்டுவதை இன்னொருவர் கண்ணால் பார்க்க வேண்டும். அன்று அவசரம். தோழி கொட்டியதைப் பார்க்காமலே சாட்சியாகக் கையெழுத்திட்டேன். விடியற்காலை எண்ணியபோது ஓர் ஆம்பூல் குறைந்தது.

நான் அவளை நம்பித்தான் கையெழுத்திட்டேன். ஆனால் என்னிடம் கேட்டபோது அவளுக்காகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. பார்த்திருந்தால் ‘கொட்டினாள், நான் பார்த்தேன்’ என்று சொல்லியிருக்கலாம். இரண்டு மணி நேரம் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியில், இன்னொரு நோயாளிக்குக் கொடுத்த ஆம்பூலைப் பதிவேட்டில் எழுத விட்டது தெரிந்தது. அவள்மேல் தவறே இல்லை. என் தவறை மேலாளரிடம் நானே சொன்னேன்.

அன்று அவளிடம் எனக்கு நம்பிக்கை இருந்தது. அவள் என்னை நம்பும்படி நான் இருக்கவில்லை. ஏழாவது சொல்லைப் படிக்கும்போதெல்லாம் இப்போது அந்தக் கையெழுத்துதான் நினைவுக்கு வருகிறது.