லூபஸ் உறைவெதிரிச் சோதனை: நீர்த்த விரியன் நஞ்சு நேரம்

லூபஸ் உறைவெதிரி என்பது பாஸ்போலிப்பிடோடு பிணையும் புரதங்களைத் தாக்கும் எதிர்ப்பொருள். சோதனைக் குழாயில் உறைதலைத் தாமதப்படுத்தும் இது, உடலுக்குள் பெரும்பாலும் இரத்தக்கட்டியையே உண்டாக்குகிறது. பெயர்தான் குழப்பம்.

இச்சோதனையில் சேர்க்கும் கண்ணாடி விரியனின் நஞ்சு பத்தாம் உறைதல் காரணியை நேரடியாகத் தூண்டும். அதனால் எட்டாம், ஒன்பதாம் காரணிகளின் குறைபாடு முடிவைப் பாதிப்பதில்லை. பாஸ்போலிப்பிடை நீர்த்துச் சேர்ப்பதால் எதிர்ப்பொருளின் தடை வெளிப்படுகிறது.

ஆனால் நேரம் நீண்டதே சான்றாகாது. வார்ஃபரின் மருந்தும், ஐந்தாம் அல்லது பத்தாம் காரணியின் குறைபாடும் அதை நீட்டும். எனவே பிளாஸ்மாவை இயல்பான பிளாஸ்மாவுடன் சம அளவில் கலப்பர். குறைபாடு மட்டுமெனில் நேரம் சீராகும். அடுத்து, பாஸ்போலிப்பிடை மிகுதியாகச் சேர்த்து அளப்பர். இயல்பு 40 நொடியாக இருக்க, ஒருவருக்கு 60 நொடி வந்து, கலந்தபின் 52 ஆகி, மிகைப் பாஸ்போலிப்பிடில் 40க்கு இறங்கினால் உறைவெதிரி உண்டு.

ரிவரோக்சபான் உட்கொள்வோரிடம் இந்த உறுதிப்படுத்தலும் பொய்க்கலாம். தொற்றின்போது எதிர்ப்பொருள் தற்காலிகமாகத் தோன்றி மறைவதால், குறைந்தது 12 வாரம் கழித்து மறுசோதனை தேவை.