அரைத் தாளில் ஐந்து கேள்விகள் பிறந்த கதை

சிலிபினில் எங்கள் வட்டாரக் கோயில் மண்டபத்தில் அவ்வப்போது ஒரு பேச்சு நடக்கும். பேச்சு முடிந்ததும், "கேள்வி இருந்தால் கேட்கலாம்" என்று அறிவிப்பார்கள். யாராவது ஒருவர் எழுந்து, பேச்சாளரை ஐந்து நிமிடம் பாராட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். பிறகு வடையும் தேநீரும். இந்த முறை காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் சிற்பங்களையும் கர்நாடகத்துப் பட்டடக்கல் விருபாட்சர் கோயில் சிற்பங்களையும் ஒப்பிட்டு ஒரு பேச்சு என்று முடிவானதும், தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என்னிடம் தலைவர் ஓர் அரைத் தாளை நீட்டினார். "சார், நாலைந்து நல்ல கேள்வி எழுதிக் கொடுங்க. பாராட்டு வேண்டாம்."

இரண்டு கோயிலையும் பற்றி எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். கைலாசநாதர் கோயிலின் அழகில் மயங்கினான். அங்கிருந்த சிற்பிகளைக் கூட்டிப் போய்ப் பட்டடக்கல்லில் அதைப் போலவே ஒன்றைக் கட்டவைத்தான். கேட்க இனிமையான கதை. பேச்சாளரும் இதைத்தான் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தோன்றியது. சரி, இதில் எந்த வரிக்குச் சாட்சி இருக்கிறது, எந்த வரி நாமாக நிரப்பிக்கொண்டது என்று பிரித்துப் பார்க்க உட்கார்ந்தேன்.

முதல் கேள்வி காஞ்சியிலிருந்து வரவில்லை. என் அப்பா பால் வெட்டிய தோட்டத்துக் கோயிலிலிருந்து வந்தது. அந்தக் கோயில் வாசலில் ஒரு சலவைக்கல் பலகை பதித்திருப்பார்கள். கும்பாபிஷேகம் நடந்த நாள், தலைமை தாங்கியவர் பெயர், நன்கொடையாளர்கள் பெயர் எல்லாம் அதில் இருக்கும். புதிதாக வருகிறவர் அந்த ஆண்டைப் பார்த்து, கோயிலே அப்போதுதான் எழுந்தது என்று நினைத்துக்கொள்வார். உள்ளே இருக்கும் மாரியம்மனோ அதற்கு இரண்டு தலைமுறை மூத்தவள். முன்மண்டபம் அதற்குப் பிறகு போட்டது. பலகையில் உள்ள தேதி உண்மைதான். ஆனால் அது எதனுடைய தேதி என்பதுதான் கேள்வி.

காஞ்சியிலும் அப்படித்தான். கைலாசநாதர் விமானத்தின் அடித்தளத்தில் வடமொழிக் கல்வெட்டு ஓடுகிறது. கட்டியவன் இராஜசிம்மன் என்று அது சொல்கிறது. அவன் காலம் ஏறத்தாழ 700 முதல் 728 வரை. திருச்சுற்றில் வரிசையாக உள்ள சிற்றாலயங்களில் அவன் பட்டப்பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. முன்னால் இருக்கும் தனிக் கோயில் அவன் மகன் மூன்றாம் மகேந்திரனுடையது. விமானத்துக்கு முன்னால் ஒரு மண்டபம் இருக்கிறது. முதலில் அது தனியாக நின்றது, இடைவெளியை அடைத்து இரண்டையும் இணைத்தது பிற்காலத்தில். அந்த மண்டபத் தூண் ஒன்றில்தான் விக்கிரமாதித்தனின் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. காஞ்சியை வென்றேன், இராஜசிம்மேச்சுரத்தின் செல்வத்தைப் பார்த்தேன், எடுக்காமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தேன் என்பது அதன் சாரம். அவன் ஆண்டது ஏறத்தாழ 733 முதல் 745 வரை. ஆகவே அந்தத் தூண் அதற்குள் அங்கே நின்றிருக்க வேண்டும். அவ்வளவுதான் அந்தக் கல்வெட்டு நமக்குத் தரும் தேதி. இணைப்புச் சுவரைப் பற்றியோ சுவரில் உள்ள ஒவ்வொரு சிற்பத்தைப் பற்றியோ அது எதுவும் சொல்லவில்லை. இப்படிப் பிறந்தது முதல் கேள்வி: 'நீங்கள் காட்டும் சிற்பம் கோயிலின் எந்தப் பகுதியில் இருக்கிறது? எந்தக் கல்வெட்டின் தேதியை அதற்குக் கொடுக்கிறீர்கள்?'

இரண்டாவது கேள்விக்குக் காரணம் பக்கத்து வீட்டு அண்ணன். லாரி ஓட்டி ஓய்ந்தவர். சாயங்காலம் வேலியோரம் நின்று, "என்னா சார், பரீட்சையா?" என்றார். சிற்பிகளைக் கூட்டிப் போன கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "நம்ம கோபுர வேலைக்கு வந்த ஸ்தபதி ஆட்களை யாரும் பிடிச்சிக்கிட்டா வந்தாங்க? பர்மிட் எடுத்து, டிக்கெட் போட்டு, சம்பளம் பேசித்தானே வந்தாங்க?"

கல்வெட்டுகளைத் திரும்பப் பார்த்தேன். விருபாட்சர் கோயிலைக் கட்டியவள் விக்கிரமாதித்தனின் அரசி லோகமகாதேவி. அதனால் அதன் பழைய பெயர் லோகேசுவரம். காஞ்சியை மூன்று முறை வென்றவனின் அரசி என்று அவளைக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. கட்டடக் கலைஞன் குண்டன்; அவனுக்கு 'திரிபுவனாச்சாரி' என்று பட்டம் கொடுத்ததையும் பொறித்திருக்கிறார்கள். சர்வசித்தி ஆச்சாரி என்று இன்னொருவனும் வருகிறான். அவன் 'தென்திசைச் சூத்திரதாரி'. காஞ்சிச் சிற்பிகள் வந்தார்கள் என்ற கதை பெரும்பாலும் இந்த ஒரு தொடரில்தான் நிற்கிறது. சிறைபிடித்த சிற்பிகள் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.

தென்திசை என்றால் எதற்குத் தெற்கு? பட்டடக்கல்லில் நின்றுகொண்டு சொன்னால் காஞ்சியும் தெற்குத்தான், சாளுக்கிய நாட்டின் தென்பகுதியும் தெற்குத்தான். நாட்டைக் குறிக்காமல், தென்னாட்டு முறையில் கட்டத் தெரிந்தவன் என்ற தொழில் பட்டமாகவும் இருக்கலாம். ஈப்போவில் ஒருவரை 'தெற்கத்திக்காரர்' என்றால் ஜொகூர்க்காரரா, தமிழ்நாட்டின் தெற்கிலிருந்து வந்தவரா என்று மறுபடி கேட்கத்தான் வேண்டும். இரண்டாவது கேள்வியை எழுதினேன்: 'சிற்பிகள் காஞ்சியிலிருந்து வந்தார்கள் என்று எந்தக் கல்வெட்டு, எந்தச் சொல்லால் சொல்கிறது?'

மூன்றாவதுதான் என்னை இரண்டு நாள் உட்காரவைத்தது. தாக்கம் என்று சொல்ல, முன்பு இல்லாத ஒன்று பிறகு வந்தது என்று காட்ட வேண்டும். பட்டடக்கல்லிலேயே விருபாட்சருக்குப் பக்கத்தில் சங்கமேசுவரர் கோயில் இருக்கிறது. அதைக் கட்டியவன் விக்கிரமாதித்தனின் தந்தை விசயாதித்தன். ஆட்சி 696 முதல் 733 வரை. அங்கேயுள்ள 754-ஆம் ஆண்டுத் தூண் கல்வெட்டு அந்தக் கோயிலை அவன் பெயரால் விசயேசுவரம் என்று குறிக்கிறது. அது தட்டுத் தட்டாய் உயரும் திராவிட விமானம். மகன் பட்டத்துக்கு வருமுன்னே தென்னாட்டு முறை அந்த ஊரில் வேர்விட்டிருந்தது. அப்படியானால் காஞ்சியைப் பார்த்துத்தான் கற்றார்கள் என்பது ஆட்டம் காண்கிறது. எதைக் கற்றார்கள், எது ஏற்கெனவே தெரிந்திருந்தது என்று பிரிக்க வேண்டியிருக்கிறது.

இன்னும் பின்னால் போனால் பாதாமியில் மலேகிட்டி சிவாலயம். அதுவும் தென்னாட்டு முறைதான். 7-ஆம் நூற்றாண்டு என்பார்கள். ஆனால் அதில் ஆண்டு சொல்லும் கல்வெட்டு இல்லை. பாணியை வைத்துத்தான் அந்தக் காலம். இங்கேதான் வழுக்குகிறது. 'இந்த அமைப்பு பழையது, ஆகவே கோயில் பழையது' என்று தேதி கொடுத்துவிட்டு, 'கோயில் பழையது, ஆகவே இந்த அமைப்பு இங்கேதான் முதலில் வந்தது' என்று தாக்கம் பேசினால், செக்கு மாடு சுற்றின மாதிரிதான். இதற்கு நேர்மாறாகப் பாதாமி 3-ஆம் குடைவரையில் சகம் 500, அதாவது 578 என்று தூணிலேயே ஆண்டு இருக்கிறது. அந்தத் தூணுக்கு யாருடைய கண்ணும் கைப்பழக்கமும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. பேச்சாளர் திரையில் காட்டும் ஒவ்வொரு ஆண்டும் இந்த இரண்டில் எந்த வகை என்று கேட்க வேண்டும் என்று பட்டது. எழுதினேன்: 'இது கல்லில் உள்ள ஆண்டா, பாணியைப் பார்த்துப் போட்ட ஆண்டா? விசயாதித்தன் கோயிலில் இல்லாமல் விருபாட்சரில் மட்டும் உள்ள எது காஞ்சியைச் சேர்ந்தது?'

நான்காவது, எங்கே பார்ப்பது என்பது. நம் ஆட்கள் முகத்தைப் பார்ப்பார்கள். முகம் ஏமாற்றும். கைலாசநாதர் மணற்கல்லால் ஆனது, மணற்கல் உதிரும், உதிர்ந்த இடமெல்லாம் பிற்காலத்தில் சுதை பூசி, மூக்கும் கண்ணும் புதிதாய் வைத்திருக்கிறார்கள். பின்கால்களில் எழுந்து நிற்கும் சிங்கங்கள் பலவற்றில் நாம் பார்ப்பது பூச்சைத்தான், பல்லவனின் உளியை அல்ல. பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பெயிண்ட் அடித்து அடித்து எங்கள் தோட்டத்து முனீஸ்வரர் மீசை எவ்வளவு தடித்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

சாமியின் கைகளையும் ஆயுதங்களையும் பார்ப்பதும் அவ்வளவு உதவாது. திரிபுரம் எரித்தவனுக்கு வில் எங்கேயும் வில்தான். இரண்டு ஊரிலும் ஒரே புராணம் தெரிந்திருந்தது என்பதற்கு மேல் அது எதையும் காட்டாது. யாரும் கவனிக்காத ஓரங்களில்தான் பட்டறையின் பழக்கம் ஒளிந்திருக்கும். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் 1914-இல் வெளியிட்ட தம் நூலில் இதைத்தான் செய்தார். கூரை விளிம்பில் வரிசையாக நிற்கும் குதிரைலாட வடிவக் 'கூடு', தூண் தலையில் உள்ள போதிகை ஆகிய சின்ன உறுப்புகள் காலந்தோறும் எப்படி மாறின என்று தொடர்ந்து பார்த்தார். பல்லவர் கூட்டின் உச்சி மண்வெட்டித் தகடு மாதிரி வெறுமையாக இருக்கும். சோழர் காலத்தில் அங்கே சிங்கமுகம் வந்து உட்காரும். சொல்லிவைத்தா மாற்றினார்கள்? கை மாறும்போது அதுவும் மாறியது.

இந்தக் கண்ணோடு விருபாட்சரைப் பார்த்தால் கதை சிக்கலாகிறது. நந்தி மண்டபம், வாயில், திருச்சுற்றில் சிற்றாலயங்கள் என்று மொத்த அமைப்பில் காஞ்சி நினைவுக்கு வருகிறது. ஆனால் காஞ்சியில் திரும்பிய பக்கமெல்லாம் நிற்கும் சிங்கத் தூண்கள் இங்கே இல்லை. சுவரில் சிலைகளுக்கு நடுவே பலகணிகள் வருகின்றன. உள்ளே கனத்த சதுரத் தூண்களில் இராமாயணமும் பாரதமும் பட்டை பட்டையாக ஓடுகின்றன. அது சாளுக்கியக் கைப்பழக்கம். வரைபடம் ஒரு ஊரிலிருந்தும் உளி இன்னொரு ஊரிலிருந்தும் வந்தது போல இருக்கிறது. படையோடு போய்க் காஞ்சியைக் கண்ணால் பார்த்துத் திரும்பிய ஒருவர் அமைப்பைச் சொல்ல, உள்ளூர்ப் பட்டறை செதுக்கியிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். என் சாய்வு அந்தப் பக்கம்தான். ஆனாலும் தாளில் நடுநிலையாகவே எழுதினேன்: 'ஒற்றுமை அமைப்பிலா, செதுக்கிலா? கூடும் போதிகையும் என்ன சொல்கின்றன?'

நான்கோடு முடிந்தது என்று அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். அவர் வேலியில் கை ஊன்றிக் கேட்டுவிட்டு, "நம்ம கோபுரமும் புந்தோங் பக்கத்துக் கோபுரமும் ஒரே மாதிரி இருக்கு. இதைப் பார்த்து அதுவா, அதைப் பார்த்து இதுவா? ரெண்டு மேஸ்திரியும் ஊர்ல ஒரே ஆளுகிட்டத் தொழில் கத்துக்கிட்டிருந்தா என்னா செய்வீங்க?" என்றார்.

எனக்கு மண்டகப்பட்டு நினைவுக்கு வந்தது. முதலாம் மகேந்திரவர்மன் அங்கே குடைந்த கோயிலில், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் இதை அமைத்தேன் என்று எழுதிவைத்திருக்கிறான். அதைப் பெருமையாகச் சொல்கிறான் என்றால், அதுவரை கோயில்கள் அவற்றால்தான் கட்டப்பட்டன. அந்தச் செங்கல்லும் மரமும் பல்லவ நாட்டிலும் போய்விட்டன, சாளுக்கிய நாட்டிலும் போய்விட்டன. கல்லில் எஞ்சிய இரண்டையும் அருகருகே வைத்து அம்மாவும் மகளும் என்கிறோம். அழிந்துபோன ஒரு பாட்டிக்குப் பிறந்த பேத்திகளாகவும் அவை இருக்கலாம்.

தாளில் இடம் இல்லை. பின்பக்கம் திருப்பி, பென்சிலால் எழுதினேன்: 'இரண்டுக்கும் பொதுவான, இன்று இல்லாத மூலம் ஒன்று இருந்திருந்தால், உங்கள் சான்றுகளில் எது அதை மறுக்கும்?'

தலைவர் வாங்கிப் பார்த்தார். "கடைசிக் கேள்வி யாருது சார்?" என்றார். லாரி அண்ணனுடையது என்றேன். "அப்போ அதை அவரையே கேக்கச் சொல்லுங்க. முன் வரிசையில ஒரு நாற்காலி போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.