எஞ்சியவர்களின் பாராட்டு: சந்தா உணவுச் சேவையில் இரு அளவுகோல்கள்

நியூயார்க்கின் புளூ ஏப்ரன் நிறுவனம் 2017 ஜூனில் பங்குச் சந்தைக்கு வந்தது. சமையல் குறிப்பையும் அதற்கு வேண்டிய பொருள்களையும் அளவாகப் பெட்டியில் அடுக்கி, சந்தாதாரர்களின் வீட்டுக்கு அனுப்புவது அப்போது அதன் தொழிலாக இருந்தது. அவ்வாண்டின் முதல் காலாண்டில் ஒரு வாடிக்கையாளர் சராசரியாக 4.1 முறை வாங்கினார். 2019இன் முதல் காலாண்டில் அது சுமார் 4.5 ஆனது. ஒருவரிடமிருந்து கிடைத்த வருவாயும் 236 டாலரிலிருந்து 258 டாலராக ஏறியது.

இதே இரண்டு ஆண்டுகளில் வாடிக்கையாளர் எண்ணிக்கை பத்து லட்சத்துக்கு மேலிருந்து சுமார் ஐந்தரை லட்சமாகச் சரிந்தது.

சராசரி ஏறுவதும் பிராண்ட் மெலிவதும் ஒரே காலத்தில் எப்படி நடக்கும்? விடை வகுக்கும் எண்ணில் இருக்கிறது. அந்தக் காலாண்டில் ஒருமுறையாவது வாங்கியவரைத்தான் நிறுவனம் வாடிக்கையாளர் என்று கணக்கிட்டது. விலகியவர் கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறார். பங்கு வெளியீட்டு ஆவணங்களை ஆராய்ந்த சந்தையியல் பேராசிரியர் டேனியல் மெக்கார்த்தி, சேர்ந்தவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஆறு மாதத்துக்குள் விலகுவதாக அப்போதே மதிப்பிட்டார். மேலோட்டமான சராசரிகளில் இது தெரியாது.

நெட் புரொமோட்டர் ஸ்கோருக்கும் இதே நோய் உண்டு. 2003இல் ஃபிரெட் ரைக்ஹெல்ட் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் முன்வைத்த முறை இது. ‘இந்தச் சேவையை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா?’ என்ற கேள்விக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்பார்கள். 9, 10 தருவோர் ஆதரவாளர்கள். 0 முதல் 6 வரை தருவோர் அதிருப்தியாளர்கள். இடைப்பட்டோர் நடுநிலையாளர்கள். ஆதரவாளர் விழுக்காட்டிலிருந்து அதிருப்தியாளர் விழுக்காட்டைக் கழித்தால் ஸ்கோர்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். ஜனவரியில் 1,000 பேர் சேர்கிறார்கள். 400 பேர் ஆதரவாளர்கள், 350 பேர் நடுநிலையாளர்கள், 250 பேர் அதிருப்தியாளர்கள். ஸ்கோர் 15. ஜூலையில் 300 பேர்தான் மிஞ்சுகிறார்கள்: 180 ஆதரவாளர்கள், 90 நடுநிலையாளர்கள், 30 அதிருப்தியாளர்கள். இப்போது ஸ்கோர் 50. ஒருவர்கூடத் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, உணவும் மேம்படவில்லை. பிடிக்காதவர்கள் மற்றவர்களைவிட அதிக விகிதத்தில் போய்விட்டார்கள், அவ்வளவுதான். 400 ஆதரவாளர்களில் 220 பேரும் போய்விட்டதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. பிடித்திருந்தும் விலகினார்கள் என்றால், சுவையைத் தாண்டி விலை, சமைக்க ஆகும் நேரம், குடும்பத்தின் அளவு ஆகியவற்றில் காரணம் தேட வேண்டும்.

மறுகொள்முதல் விகிதம் செயலை அளப்பதால் நம்பகமானது என்று பலர் கருதுகிறார்கள். கடையில் அது சரி. அங்கே மறுபடி வாங்க வாடிக்கையாளர் மறுபடி வர வேண்டும். சந்தாவில் நிலைமை தலைகீழ். ‘இந்த வாரம் வேண்டாம்’ என்று குறித்த நாளுக்குள் சொல்லாவிட்டால் பெட்டி தானாகவே வந்துவிடும், பணமும் கழிக்கப்படும். மறந்துபோனவரும் கணக்கில் மறுகொள்முதல் செய்தவரே. இவரைப் பிரித்தறிய ஒரு தடயம் உண்டு: அவர் அந்த வாரத்து உணவுப் பட்டியலைத் திறந்து தேர்ந்தெடுத்தாரா, இல்லை நிறுவனமே தேர்ந்ததை அனுப்பியதா? தேர்வு செய்யாமல் போன பெட்டிகளின் பங்கு கூடிக்கொண்டே போனால், விகிதம் உயர்ந்திருந்தாலும் விலகல் அலை பின்னால் வருகிறது என்று கொள்ளலாம்.

தள்ளுபடி இன்னொரு மறைப்பு. முதல் சில பெட்டிகள் பாதி விலைக்கு வரும்போது இரண்டாவது கொள்முதல் எதையும் நிறுவுவதில்லை. முழு விலை கொடுத்து வாங்கிய முதல் பெட்டிக்கு அடுத்த பெட்டியிலிருந்துதான் மறுகொள்முதலை எண்ணத் தொடங்க வேண்டும்.

ஆகவே இவ்விரு அளவுகளையும் ஒரே மாதத்தில் சேர்ந்தவர்களைத் தனித்தனிக் குழுவாக்கி, தொடக்க எண்ணிக்கையாலேயே வகுத்துப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். மேற்கண்ட ஜனவரிக் குழுவில் ஆதரவாளராக எஞ்சியவர் 300இல் 180 அல்ல. 1,000இல் 180, அதாவது 18 விழுக்காடு. விலகுவோரிடமும் விலகும் நாளிலேயே அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

இதற்கும் வரம்புகள் உண்டு. குழுக்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் பதிலளிப்போர் குறைவார்கள். 200 பேர் பதிலளித்து ஸ்கோர் 15 வந்தால், மாதிரிப் பிழை மட்டுமே ஏறத்தாழ 11 புள்ளி இருபுறமும் இருக்கும். 20 ஆக ஏறியதை முன்னேற்றம் என்று அறிவிக்க இடமில்லை. எனவே சிறிய சேவை ஒன்று ஸ்கோரைக் காலாண்டுக் குழுக்களுக்கு மட்டும் கணக்கிட்டு, மாதந்தோறும் முழு விலை மறுகொள்முதலைக் கவனிப்பதே தகும். கொள்முதல் பதிவு எல்லோருக்கும் இருப்பதால் அங்கே மாதிரிப் பிழை எழாது.