வலுவற்ற சமிக்ஞைப் பகுதியில் கைப்பேசி மின்கலம் விரைவில் தீர்தல்

வலுவற்ற சமிக்ஞைப் பகுதியில் கைப்பேசி மின்கலம் விரைவில் தீர்தல் என்பது, தள நிலையத்தின் சமிக்ஞை குறைவாகக் கிடைக்கும் இடங்களில் கைப்பேசியின் மின்கலம் வழக்கத்தை விடக் குறைந்த நேரத்தில் தீர்ந்துவிடும் நிகழ்வு ஆகும். மலைச்சரிவுகள், அடித்தளங்கள், தகரக் கூரையிட்ட கட்டடங்கள், தடித்த கற்காரைச் சுவர்களுக்கு நடுவிலுள்ள அறைகள் ஆகியவற்றில் இதனைக் காணலாம். கைப்பேசியினுள் வானொலித் தொடர்பைக் கவனிக்கும் மோடமே இதற்கு முதன்மைக் காரணம். மோடம் தன் ஒலிபரப்புத் திறனைக் கூட்டிக்கொள்வதே இழப்புக்குக் காரணம் எனப் பொதுவாகச் சொல்லப்படுகின்றது. அது உண்மையின் ஒரு பகுதி மட்டுமே. மோடம் விழித்திருக்க வேண்டிய நேரம் பல மடங்காக நீள்வதே பெரும்பாலும் கூடுதல் இழப்பை உண்டாக்குகின்றது. இக்கட்டுரை நான்காம் தலைமுறை வலையமைப்பை முன்வைத்து இதனை விளக்குகின்றது.

மோடமும் திறன்பெருக்கியும்

கைப்பேசியின் செயலியும் திரையும் ஒருபுறம் இருக்க, வலையமைப்புடன் பேசுவதற்கென்றே மோடம் என்னும் தனிக் கணிப்பகுதி உள்ளது. அனுப்ப வேண்டிய தரவை அது வானொலி அலையாக மாற்றுகின்றது. அவ்வலையை ஆன்டெனாவுக்குச் செல்லுமுன் பெரிதாக்குவது திறன்பெருக்கி எனப்படும்.

தள நிலையத்திலிருந்து கைப்பேசிக்கு வருவது கீழிணைப்பு. கைப்பேசியிலிருந்து நிலையத்துக்குச் செல்வது மேலிணைப்பு. இவ்விரண்டும் சமமானவை அல்ல. நிலையம் ஒரு அலைவரிசையில் 20 முதல் 40 வாட் வரை ஒலிபரப்பக் கூடும். வழக்கமான நான்காம் தலைமுறைக் கைப்பேசியின் உச்ச வரம்போ 0.2 வாட் மட்டுமே. நிலையத்தின் குரல் கைப்பேசிக்குக் கேட்கும் இடத்திலும் கைப்பேசியின் குரல் நிலையத்துக்குக் கேட்காமல் போவது இதனால்தான். திரையின் மூலையில் காணப்படும் கோடுகள் கீழிணைப்பை மட்டுமே அளக்கின்றன. மின்கலத்தை வாட்டுவதோ பெரும்பாலும் மேலிணைப்பு.

திறன் கட்டுப்பாடு

கைப்பேசி எப்போதும் உச்சத் திறனில் ஒலிபரப்புவதில்லை. எல்லாக் கைப்பேசிகளின் அலைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் வந்து சேர வேண்டும் என்பது நிலையத்தின் விருப்பம். அருகிலிருப்பவர் உரக்கக் கத்தினால் தொலைவிலிருப்பவர் பேச்சு அமுங்கிவிடும். எனவே நிலையம் தான் எதிர்பார்க்கும் அளவை அறிவிக்கின்றது. கைப்பேசி, நிலையத்திலிருந்து வரும் அலை வழியில் எவ்வளவு தேய்ந்தது என்று கணக்கிட்டு, அத்தேய்வை ஈடுகட்டும் அளவுக்குத் தன் திறனைக் கூட்டிக்கொள்கின்றது. நிலையம் இடையிடையே ஏற்று, இறக்கு என்று கட்டளையும் இடும்.

இவ்வளவுகள் டெசிபெல் கணக்கில் சொல்லப்படும். 3 டெசிபெல் ஏறத்தாழ இரு மடங்கு, 10 டெசிபெல் பத்து மடங்கு, 30 டெசிபெல் ஆயிரம் மடங்கு. திரையில் dBm என்று காணப்படும் அலகு ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்டது. அதனை இங்கு டிபிஎம் என்று குறிப்போம். 0 டிபிஎம் என்பது 1 மில்லிவாட், 23 டிபிஎம் என்பது 200 மில்லிவாட்.

ஓர் எடுத்துக்காட்டு: ஐந்து மெகாபைட்டுப் படம்

ஒருவர் 5 மெகாபைட்டு அளவுள்ள ஒளிப்படத்தை முதலில் மொட்டைமாடியிலிருந்தும் பின்னர் அதே கட்டடத்தின் அடித்தளத்திலிருந்தும் அனுப்புகின்றார் என்று கொள்வோம. கீழுள்ள எண்கள் நடப்பில் காணக்கூடிய அளவிலானவை. வலையமைப்புக்கு ஏற்ப மாறக் கூடியவை.

நிலையம் அனுப்பும் குறிப்பலை 15 டிபிஎம் எனவும், மாடியில் அது −85 டிபிஎம் ஆகக் கிடைக்கின்றது எனவும் கொண்டால் வழியில் தேய்ந்தது 100 டெசிபெல். நான்காம் தலைமுறையில் அலைவரிசை சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, கைப்பேசிகளுக்குப் பங்கிடப்படுகின்றது. ஒரு கட்டத்துக்கு −100 டிபிஎம் வந்து சேர வேண்டும் என்று நிலையம் கேட்டால், கைப்பேசி கட்டம் ஒன்றுக்கு 0 டிபிஎம், அதாவது 1 மில்லிவாட் அனுப்பினால் போதும். இருபது கட்டங்களைப் பயன்படுத்தினாலும் 20 மில்லிவாட்தான். நொடிக்கு 10 மெகாபிட் வேகம் கிடைத்தால் படம் 4 நொடியில் சென்றுவிடும். மோடம் முழுவதுமாக 1.25 வாட் எடுத்துக்கொண்டால் செலவு 5 ஜூல்.

அடித்தளத்தில் குறிப்பலை −115 டிபிஎம். தேய்வு 130 டெசிபெல். இப்போது ஒரே ஒரு கட்டத்துக்கே 30 டிபிஎம், அதாவது 1 வாட் தேவை. கைப்பேசியின் வரம்போ 0.2 வாட். வரம்பை முட்டிவிட்ட கைப்பேசி, தன்னிடம் மீதித் திறன் இல்லை என்று நிலையத்துக்குத் தெரிவிக்கின்றது. நிலையமும் கட்டங்களைக் குறைத்து, பிழைகளைத் தாங்கவல்ல ஆனால் மெதுவான குறிமுறைக்கு மாற்றுகின்றது. நன்னிலையில் ஒரு துடிப்பில் ஆறு பிட்டு வரை ஏற்றிச் செல்லும் அலை, இங்கு இரண்டு பிட்டை மட்டுமே ஏற்றும். அதிலும் பெரும்பகுதி பிழைதிருத்தத்துக்கே போய்விடும். சிதைந்து சேர்ந்த துண்டுகளை மீண்டும் அனுப்ப வேண்டும். வேகம் நொடிக்கு 0.5 மெகாபிட்டாக இறங்கினால் அதே படத்துக்கு 80 நொடி ஆகும். மோடம் 2.5 வாட் எடுத்துக்கொண்டால் செலவு 200 ஜூல்.

ஆன்டெனாவிலிருந்து வெளியேறிய திறன் பத்து மடங்காயிற்று. ஆனால் மோடம் மின்கலத்திலிருந்து எடுத்த திறன் இரு மடங்கே. ஏனெனில் மோடம் விழித்திருப்பதற்கே ஏறத்தாழ ஒரு வாட் வேண்டியிருக்கின்றது. திறன்பெருக்கியின் பங்கு உச்சத்தை நெருங்கும்போதுதான் பெரிதாகத் தெரியும். நேரமோ இருபது மடங்கு. இரண்டும் பெருக்கப்பட்டு நாற்பது மடங்குச் செலவாகின்றது. 4000 மில்லி ஆம்பியர்-மணி மின்கலத்தில் ஏறத்தாழ 55,400 ஜூல் ஆற்றல் இருக்கும். இருபது படங்களை அடித்தளத்திலிருந்து அனுப்பினால் அதில் 7 விழுக்காடு போய்விடும். மாடியிலிருந்து அனுப்பினால் அரை விழுக்காடும் ஆகாது. திரை அந்நேரம் முழுதும் ஒளிர்ந்துகொண்டிருந்தால் அச்செலவு வேறு.

பயன்படுத்தாதபோது

சட்டைப்பையில் சும்மா இருக்கும் கைப்பேசியின் மோடம் பெரும்பாலும் உறங்குகின்றது. அழைப்பு ஏதும் வந்துள்ளதா என்று கேட்பதற்காகக் குறித்த இடைவெளியில், பல வலையமைப்புகளில் 1.28 நொடிக்கு ஒருமுறை, சில மில்லிநொடி மட்டும் விழிக்கும். சமிக்ஞை நன்றாக இருந்தால் அண்டை நிலையங்களைத் தேட வேண்டிய தேவை இல்லை. நிலையம் விதித்த அளவுக்குக் கீழே அது இறங்கியதும், ஒவ்வொரு விழிப்பிலும் அண்டை நிலையங்களையும் பிற அலைக்கற்றைகளையும் அளக்கத் தொடங்குகின்றது. உறக்கம் குறைகின்றது.

சமிக்ஞை அறவே இல்லாத இடத்தில் கைப்பேசி உச்சத் திறனில் கூவிக்கொண்டே நிலையத்தைத் தேடுகின்றது என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. நிலையத்தின் குரலைக் கேட்காமல் கைப்பேசி வாய் திறப்பதில்லை. அங்கு அது செய்வது கேட்பது மட்டுமே: தான் அறிந்த அலைக்கற்றைகளை ஒவ்வொன்றாகத் துழாவுகின்றது. அதுவும் செலவுதான்; எனினும் பலமுறை தேடியும் கிடைக்காவிடில் தேடல்களுக்கிடையேயான இடைவெளியை மோடம் கூட்டிக்கொள்ளும்.

இதனால் மின்கலத்துக்கு மிகக் கெட்ட இடம் சமிக்ஞை அற்ற இடம் அன்று. சமிக்ஞை வந்துபோகும் விளிம்புப் பகுதியே. அங்கு கைப்பேசிக்கு நிலையம் கேட்கின்றது, நிலையத்துக்குக் கைப்பேசி சரியாகக் கேட்பதில்லை. தொடர்பு கோரும் சிறு துடிப்பை அது அனுப்புகின்றது. பதில் வராவிட்டால் திறனைச் சற்றே, பெரும்பாலும் 2 டெசிபெல், கூட்டி மீண்டும் அனுப்புகின்றது. இவ்வாறு உச்சம் வரை ஏறித் தோற்றால் சிறிது பொறுத்து மறுபடி தொடங்குகின்றது. இரு நிலையங்களின் எல்லையில் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டும் இருக்கும். அவ்விரு நிலையங்களும் வெவ்வேறு பதிவுப் பகுதிகளைச் சேர்ந்தவையாயின் ஒவ்வொரு தாவலிலும் தன் இருப்பிடத்தைப் பதிவு செய்யவும் வேண்டும். பின்னணியில் மின்னஞ்சல் பார்க்கும் செயலிகள் தோல்வியுற்று மீண்டும் மீண்டும் முயல்வதும் இத்துடன் சேர்கின்றது.

கண்டறியும் முறை

கோடுகளின் எண்ணிக்கையை நம்ப இயலாது; எத்தனை டிபிஎம்முக்கு எத்தனை கோடு என்பதைத் தயாரிப்பாளரும் வலையமைப்பு நிறுவனமும் தம் விருப்பப்படி அமைக்கின்றனர். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில், அமைப்புகளில் சிம் நிலையைக் காட்டும் பக்கத்தில் டிபிஎம் அளவே கிடைக்கும். நான்காம் தலைமுறையில் −85 நல்ல நிலை. −110க்குக் கீழே போனால் மேற்கூறிய எடுத்துக்காட்டின் அடித்தளம் என்று கொள்ளலாம்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கணினியுடன் இணைத்துப் பின்வரும் கட்டளையை இட்டால், மின்கலப் புள்ளிவிவரங்களைப் பெறலாம்.

```
adb shell dumpsys batterystats
```

நீண்ட வெளியீட்டில் `Cellular Rx signal strength (RSRP)` என்னும் பகுதி, எந்தச் சமிக்ஞை நிலையில் எவ்வளவு நேரம் கழிந்தது என்று காட்டும். `Cellular Tx time` என்னும் பகுதி இருந்தால் அது இன்னும் பயனுள்ளது: மோடம் எந்தத் திறனில் எவ்வளவு நேரம் ஒலிபரப்பியது என்பதை அது தரும். மோடம் இத்தகவலைத் தராத கைப்பேசிகளில் இப்பகுதியில் பயனுள்ள எண்கள் இரா. 20 டிபிஎம்முக்கு மேற்பட்ட நேரம் மிகுந்திருந்தால் குற்றவாளி சமிக்ஞையே. அது குறைவாக இருந்து, நல்ல சமிக்ஞையிலும் மின்கலம் தீர்ந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

குறைக்கும் வழிகள்

செலவு விளிம்பில் மிகுதி என்பதால் சில டெசிபெல் மீட்சியே பெரும் மாற்றத்தைத் தரும். சன்னலருகே வைப்பது, ஆன்டெனா உள்ள விளிம்பைக் கையால் மூடாதிருப்பது, உலோக உறையை நீக்குவது ஆகியன இவ்வகையின. அருகில் வைஃபை இருந்தால் தரவையும், வலையமைப்பு அனுமதித்தால் அழைப்பையும் அதன்வழி அனுப்பலாம். சில மீட்டர் தொலைவிலுள்ள வழிச்செயலியை எட்டச் சிறு திறன் போதும். ஐந்தாம் தலைமுறைச் சமிக்ஞை வந்துபோகும் இடத்தில் நான்காம் தலைமுறையோடு நிறுத்திக்கொள்வது இரு வானொலிகள் ஒருசேர இயங்குவதைத் தவிர்க்கும். தொடர்பே இல்லாத நெடும் பயணத்தில் வானூர்தி நிலை தேடலை முற்றிலும் நிறுத்திவிடும். ஆனால் அந்நேரத்தில் அழைப்புகள் வாரா.

பழைய மின்கலமும் திடீர் நிறுத்தமும்

வலுவற்ற சமிக்ஞையில் பழைய கைப்பேசிகள் சில, மின்கலம் 15 அல்லது 20 விழுக்காடு காட்டும்போதே அணைந்துவிடுவதுண்டு. இது ஆற்றல் தீர்ந்ததால் அன்று. மின்கலம் மூப்படையும்போது அதன் உள்தடை கூடுகின்றது. குளிரில் மேலும் கூடும். இரண்டாம் தலைமுறை ஜி.எஸ்.எம். அழைப்பில் இது மிகத் தெளிவாகத் தெரியும். 900 மெகாஎர்ட்சு அலைக்கற்றையில் கைப்பேசி எட்டில் ஒரு பங்கு நேரம் மட்டும் ஒலிபரப்பினாலும், அத்துடிப்பின்போது 2 வாட் வரை வெளியிடும். அதற்கு ஏறத்தாழ 2 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. உள்தடை 0.25 ஓம் ஆனால் மின்னழுத்தம் அக்கணத்தில் 0.5 வோல்ட் சரியும். 3.6 வோல்ட்டில் இருந்த மின்கலம் 3.1க்கு இறங்கியதும் கைப்பேசி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். சமிக்ஞை நன்றாக உள்ள இடத்துக்கு எடுத்துச்சென்று மீண்டும் இயக்கினால் அதே கைப்பேசி மேலும் சிறிது நேரம் இயங்குவதைக் காணலாம்.