ஒலியும் ஒலியனும்: அருஞ்சொல் விளக்கத்தில் ஒரு வரலாற்றுச் சிக்கல்

மொழியியல் பாடநூலின் ஒலியனியல் அத்தியாயத்திலிருந்து அருஞ்சொல் பட்டியல் தொகுக்கும் எவரும் முதலில் தடுமாறுவது ஒலி, ஒலியன், மாற்றொலி, எழுத்து என்ற நான்கு சொற்களில்தான். தனித்தனியாகப் படித்தால் நான்கின் விளக்கமும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். இதற்குத் தொகுப்பவரின் கவனக்குறைவை மட்டும் குறை சொல்ல முடியாது. இவற்றில் ஒரு சொல் தன் பொருளையே சில முறை மாற்றிக்கொண்டிருக்கிறது.

பிரெஞ்சு அறிஞர் துஃப்ரிஷ் தெழெனெத் 1873இல் ‘ஃபோனேம்’ என்ற சொல்லை முன்வைத்தபோது அது வெறும் பேச்சொலியைத்தான் குறித்தது. சில ஆண்டுகளில் சசூர் அதை வேறு பொருளில் எடுத்தாண்டார். ரஷ்யாவின் கசான் நகரில் பதுவான் த குர்த்தனேயும் அவர் மாணவர் குருஷெவ்ஸ்கியும் அதற்குப் புதுப் பொருள் ஏற்றினர். வாய் எழுப்பும் ஒலி வேறு, பேசுபவர் மனத்தில் நிற்கும் ஒலியுரு வேறு என்று பதுவான் பிரித்தார். துருபெத்ஸ்கோய் மறைந்த பின், 1939இல் வெளிவந்த அவரது நூல் மனத்தையும் ஒதுக்கிவிட்டுப் பொருள் வேற்றுமையை மட்டும் அளவுகோலாக்கியது. தமிழ்ப் பாடநூல்கள் ‘ஒலியன்’ என்று எழுதும்போது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பொருளையே கொள்கின்றன.

ஆனால் பல பட்டியல்களில் “ஒலியன்: மொழியின் மிகச் சிறிய ஒலி அலகு” என்று இருக்கும். இது 1873ஆம் ஆண்டின் பொருளுக்கு வேண்டுமானால் பொருந்தும். இத்தகைய விளக்கத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. தலைச்சொல்லை மறைத்துவிட்டு விளக்கத்தை மட்டும் படிக்க வேண்டும். அதை ‘ஒலி’ என்ற தலைப்பின் கீழும் வைக்க முடிந்தால் விளக்கம் தோற்றுவிட்டது. திருத்திய பதிவு இப்படி அமையலாம்: “ஒலியன்: ஒரு சொல்லில் இதன் இடத்தில் இன்னொன்றை வைத்தால் பொருள் மாறும், வலி, வளி, வழி.” இந்த மூன்று சொற்களும் நடு மெய்யில் மட்டுமே வேறுபடுகின்றன. ஆகவே ல், ள், ழ் மூன்றும் தனித்தனி ஒலியன்கள்.

மாற்றொலிக்குரிய ஆங்கிலச் சொல் இன்னும் இளையது. வோர்ஃப் உருவாக்கிய அதை 1940களில் டிரேகரும் பிளாக்கும் பரப்பினர். தமிழில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. ‘பல்’ என்பதன் பகரம் அதிர்வில்லாமல் ஒலிக்கிறது. ‘தம்பி’யின் பகரம் மகரத்தை அடுத்து வருவதால் அதிர்ந்து ஒலிக்கிறது. ஒன்று வரும் இடத்தில் மற்றது வராது. எனவே ஒலிகள் இரண்டு, ஒலியன் ஒன்று. இந்தியிலோ இதே இரண்டு ஒலிகளும் ‘கணம்’ என்ற பொருளுள்ள சொல்லையும் ‘வலிமை’ என்ற பொருளுள்ள சொல்லையும் பிரித்துக் காட்டுகின்றன. அங்கே அவை இரண்டு ஒலியன்கள். அந்த இரு இந்திச் சொற்களையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பல்’ என்றே வரும் என்பது வேடிக்கை. ‘எந்த மொழியில்’ என்ற குறிப்பு இல்லாத எடுத்துக்காட்டு பதிவையே கெடுத்துவிடும். தமிழுக்குள்ளும் எச்சரிக்கை தேவை: ‘பஸ்’ போன்ற கடன்சொற்களில் அதிரும் பகரம் சொல்லின் முதலிலேயே வந்துவிடுகிறது. அவற்றைச் சேர்த்து எண்ணினால் மேலே சொன்ன கணக்கு ஆட்டம் காணும்.

எழுத்துக்கும் ஒலியனுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க ந், ன் என்ற இணையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. நகரம் சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னும் வருகிறது. னகரம் பெரும்பாலும் பிற இடங்களில் வருகிறது. எழுத்து இரண்டாயினும் ஒலியன் ஒன்றுதானோ என்ற ஐயம் இதனால் எழுகிறது. அதற்கு எதிராக முந்நாள் (மூன்று நாள்), முன்னாள் (முந்தைய நாள்) என்ற இணையைக் காட்டலாம். ஆனால் இவை தொகைச் சொற்கள். இன்றைய பேச்சில் பலர் இரண்டையும் ஒரே மாதிரி ஒலிக்கிறார்கள். பட்டியல் இங்கே தீர்ப்பு வழங்குவதைவிட இரு பக்கத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுவது நேர்மை.

பொருள் மாறுகிறதா என்ற கேள்வி ஐரோப்பாவில்தான் முதலில் பிறந்தது என்று எண்ண வேண்டாம். ‘நுந்தை’ என்ற சொல்லின் முதலில் வரும் குற்றியலுகரத்தை முற்றியலுகரமாக ஒலித்தாலும் பொருள் வேறுபடாது என்று தொல்காப்பியம் குறித்திருக்கிறது. இதை வைத்து ஒலியன் கொள்கையே அங்கு இருந்தது என்று முழங்குவது மிகை. சோதனை முறை இருந்தது என்பது வரை சொல்லலாம்.

நுந்தையின் உகரத்தை மாற்றொலிப் பதிவில் ‘தம்பி’க்குப் பக்கத்தில் வைத்தால் குழப்பம் வரும். தம்பியில் ஒலியை முடிவு செய்வது இடம். நுந்தையிலோ இரண்டு உகரமும் ஒரே இடத்தில் வரலாம். இன்றைய தமிழில் ‘சட்டை’யும் அப்படித்தான்: சிலர் அதன் முதலெழுத்தை ‘ச்ச’ போல அழுத்தி ஒலிக்கிறார்கள், சிலர் ‘ஸ’ போல ஒலிக்கிறார்கள், சட்டை சட்டையாகவே இருக்கிறது. இந்த வகைக்கு ‘விருப்ப மாற்று’ போன்ற தனித் தலைச்சொல் கொடுத்து, மாற்றொலியின் கீழ் “ஒப்பிடுக” என்று சுட்டுவது பட்டியலுக்கு நல்லது.